தலைவலியும் காய்ச்சலும் இத்தாலிய மொழியில்

இத்தாலியில் பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் அது மருந்துக்கடை. ‘ஃபார்மச்சீயா’ என்பார்கள். போலோஞா நகரில் காய்ச்சலோடு அதற்குள் நுழையும் தமிழர் ஒருவருக்கு, ஆங்கிலத்தை மனத்தில் வைக்காமல் தமிழிலேயே யோசித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

‘மி ஃபா மாலே லா தெஸ்தா.’ இதில் ‘மி’ என்பது நம்முடைய ‘எனக்கு’. தலை எனக்கு வலி தருகிறது என்பதே பொருள். ‘தெஸ்தா’வில் வருவது ‘த’தான். ‘டெஸ்டா’ என்று நாக்கை மடிக்க வேண்டாம்.

காய்ச்சலுக்கு அமைப்பு மாறும்: ‘ஓ லா ஃபெப்ரே.’ என்னிடம் காய்ச்சல் இருக்கிறது என்கிற மாதிரி. எழுத்தில் முதலில் ஒரு ‘ஹ’ நிற்கும், ஆனால் அதை ஒலிப்பதில்லை. எப்போதிலிருந்து என்று சொல்ல ‘தா யேரி’, அதாவது நேற்றிலிருந்து, என்று கடைசியில் சேர்த்தால் போதும். ‘நேற்றிலிருந்து காய்ச்சல் இருக்கிறது’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதுபோலவே அவர்களும் சொல்கிறார்கள். வினை மாறுவதில்லை.

சிக்கல் வருவது எண்ணில்தான். மருந்தாளர் ‘குவாந்தா ஃபெப்ரே ஆ?’ என்று காய்ச்சலின் அளவைக் கேட்பார். நம் வீடுகளில் காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் சொல்லிப் பழக்கம். அவர்கள் செல்சியஸில் அளக்கிறார்கள். ‘நூற்றொன்று’ என்றால் அவருக்கு எதுவும் புரியாது. 101 என்பது அங்கே 38.3. ‘த்ரெந்தோத்தோ எ த்ரே’ என்று சொல்ல வேண்டும்; முப்பத்தெட்டும் மூன்றும். 38.5 என்றால் ‘த்ரெந்தோத்தோ எ மெட்ஸோ’, முப்பத்தெட்டரை. நாக்கு வராவிட்டால் எண்ணைத் தாளில் எழுதிக் காட்டலாம்.

அடுத்த வாக்கியத்தைத் தவறவிடக் கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த 650 மில்லிகிராம் மாத்திரையைக் காலை எட்டு மணிக்கு விழுங்கியிருப்போம். அவர் எடுத்துத் தரும் சளி மருந்துத் தூளிலும் அதே பாராசிட்டமால் இருக்கலாம். பெயர் வேறாக இருப்பதால் தெரியாமல் இரட்டிப்பாகிவிடும். அளவு மிஞ்சினால் அது கல்லீரலைக் கெடுக்கும். ஆகவே அவர் கேட்கும் முன்னே ‘ஓ ஜா ப்ரேஸோ இல் பராச்செத்தமோலோ ஆல்லே ஓத்தோ’ என்று சொல்லிவிடுங்கள். எட்டு மணிக்கே பாராசிட்டமால் எடுத்துக்கொண்டேன் என்பது இதன் பொருள். மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். இந்திய மருந்துப் பெயர் தெரியாவிட்டாலும் உள்ளிருக்கும் மருந்தின் பெயரை அவர் படித்துக்கொள்வார்.

ஒவ்வாமை இருந்தால் ஆண் ‘சோனோ அல்லேர்ஜிகோ’ என்பார், பெண் ‘சோனோ அல்லேர்ஜிகா’ என்பார். அதன்பின் மருந்தின் பெயர்.

கழுத்தை வளைக்க முடியாமல் விறைத்தாலோ, பேச்சு குழறினாலோ, மயக்கம் வந்தாலோ மருந்துக்கடை போதாது. 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.