கேரவன் வாடகைக்கு எடுத்து திருத்தணி போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்!

2024 டிசம்பர் 23. கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் சடலமாகக் கிடந்தார்கள். ஏசி ஓட ஜெனரேட்டரை ஆன் செய்திருந்தார்கள். அந்தப் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

அதனால்தான் கேரவன் புக் செய்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல. 'ராத்திரி ஏசிக்கு கரன்ட் எங்கிருந்து வரும்?' என்பதைத்தான்.

பேட்டரி போதாதா?

போதாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் மொத்தம் 1,800 வாட்-ஹவர். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக கையில் இருப்பது 900. ஒரு டன் ஏசி சுமார் 1,200 வாட் இழுக்கும். முக்கால் மணி நேரம்கூட ஓடாது! ஃபேன், லைட், போன் சார்ஜ் என்றால் அதே பேட்டரியில் ஒரு இரவை ஓட்டிவிடலாம்.

விடிய விடிய ஏசி வேண்டுமென்றால் வெளியிலிருந்து கரன்ட் எடுத்தாக வேண்டும். கேரளாவில் 2022-ல் வாகமனில் கேரவன் பார்க்கே திறந்தார்கள். அதுபோல திருத்தணியிலும் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீங்க. பார்க்கிங் உள்ள லாட்ஜ் அல்லது கல்யாண மண்டபத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, 'வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் 16 ஆம்பியர் பிளக் இருக்கா, எர்த் இருக்கா?' என்று கேளுங்க. சின்ன 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380 வாட்தான். ஏசியோடு ஃபிரிட்ஜும் ஓடினால் டிரிப் ஆகும், இல்லையென்றால் பிளக் சூடாகும். அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்க, கை பொறுக்காத சூடு என்றால் உடனே ஏசியை நிறுத்துங்க. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக விடாமல் முழுசா விரித்துப் போடணும், சுருளுக்குள் சூடு தங்கும்.

பிளக் கிடைக்கவில்லையா? ஜன்னலைத் திறந்து ஃபேனில் தூங்குங்க. இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்றும் வண்டிக்காரரிடம் கேளுங்க. தலைவலி, குமட்டல் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால், காரணம் யோசிக்காமல் எல்லோரும் வெளியே வந்துவிடணும்.

தண்ணீர்?

100 லிட்டர் டேங்க் பெரிதாகத் தெரியும். நாலு பேர் ஆளுக்கு ஒரு பக்கெட் குளித்தாலே 80 லிட்டர் காலி. குளியலை லாட்ஜில் வைத்துக்கொண்டால் டேங்க் தண்ணீர் சமையலுக்கும் கழிவறைக்கும் போதும். கழிவறை டேங்கை எங்கே காலி செய்வது என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்க. சாலையோரக் கால்வாயில் திறந்துவிடுவது ரொம்பத் தப்பு.

கார் லைசென்ஸ் போதுமா?

மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் போதும். இந்த எடைக்குள் இருந்தால் கமர்ஷியல் வண்டியையும் எல்எம்வி லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆர்சியில் எடையைப் பாருங்க. பஸ் சேஸிஸில் கட்டிய பெரிய கேரவன் என்றால் ஹெவி லைசென்ஸ் வேண்டும். நீங்களே ஓட்டுவதாக இருந்தால் நம்பர் பிளேட்டையும் பாருங்க. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது செல்ஃப் டிரைவ் வாடகை வண்டி. வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்குத் தந்தால், விபத்தில் இன்சூரன்ஸ் சிக்கலாகும்.

திருத்தணியைத் தாண்டி திருப்பதி போறவங்களுக்கு இன்னொன்று. நகரி பக்கம் போனாலே ஆந்திரா. வாடகை வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டோ ஆந்திர பெர்மிட்டோ இருக்கணும். திருத்தணியோடு திரும்பினால் இது தேவையில்லை.

மலை மேல் ஏற்றலாமா?

ஏற்றாமல் இருப்பதே நல்லது. வளைவில் நீள வண்டியின் பின்பக்கம் எதிர்த்திசைக்கு வீசும், காரில் பழகியவருக்கு அது பிடிபட நேரமாகும். ஏற்றியே ஆகணும் என்றால், இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாங்க. பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் முதலில் கருகிய வாடை வரும், பிறகு பெடல் மெத்துமெத்தென்று உள்ளே போகும். வாடை வந்ததுமே ஓரங்கட்டி ஆறவிடணும். ஆடிக்கிருத்திகை சமயத்தில் மலைப்பாதையில் எப்படியும் வாகனக் கட்டுப்பாடு இருக்கும். கேரவனை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஆட்டோ பிடிங்க. கால் ஒத்துழைத்தால் 365 படி இருக்கவே இருக்கு!