கிளினிக்கின் இணைய வரைபட விவரணையைத் திருத்தி எழுதுதல்

இணைய வரைபட விவரணை என்பது, கூகுள் மேப்ஸ் போன்ற வரைபடச் சேவைகளில் ஓர் இடத்தைத் தேடும்போது அதன் பெயர், முகவரி, நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றுடன் காட்டப்படும் சிறு அறிமுகப் பத்தி ஆகும். கூகுளில் இப்பகுதியை அந்த இடத்தின் உரிமையாளரே எழுதுகிறார். இதற்கான உரிமையாளர் கணக்கு 2014 முதல் Google My Business என்ற பெயரில் இருந்தது. 2021 இறுதியில் Google Business Profile எனப் பெயர் மாற்றப்பட்டது. விவரணைக்கு 750 குறியீடுகள் வரை இடம் உண்டு.

கடைக்கோ உணவகத்துக்கோ எழுதும் விவரணையில் சற்று மிகை கலந்தால் வாடிக்கையாளருக்கு ஏமாற்றம் மட்டுமே மிஞ்சும். கிளினிக் விஷயம் அப்படியன்று. “24 மணி நேரமும்” என்ற வரியை நம்பி நள்ளிரவில் நெஞ்சுவலிக்காரரை ஆட்டோவில் ஏற்றி வருபவர்கள், இழுத்துப் பூட்டிய ஷட்டர் முன் நின்று இழக்கும் அரை மணி நேரம் திரும்பக் கிடைக்காது. எனவே கிளினிக்கின் விவரணையில் எது இல்லை என்பதும் எது உண்டு என்பதைப் போலவே எழுதப்பட வேண்டும்.

== ஒரு மாதிரி ==

தமிழ்நாட்டின் தாலுகா ஊர் ஒன்றில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் வெளிநோயாளர் கிளினிக் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எம்.பி.பி.எஸ். படித்த இரு மருத்துவர்கள் காலை 9 முதல் 1 வரையும், மாலை 5 முதல் 8.30 வரையும் நோயாளிகளைப் பார்க்கின்றனர். ஞாயிறு காலை மட்டும் உண்டு. ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் அங்கேயே எடுக்கப்படுகின்றன; படுக்கை வசதி இல்லை. இத்தகைய கிளினிக்குகளின் விவரணை வழக்கமாக இப்படி இருக்கும்:

“மாவட்டத்தின் நம்பர் 1 மருத்துவமனை! 24 மணி நேர சேவை! அனைத்து நோய்களுக்கும் உலகத்தரம் வாய்ந்த சிகிச்சை! எங்கள் மருந்தால் சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு! அனுபவமிக்க சுகர் ஸ்பெஷலிஸ்ட்! 100% உத்தரவாதம்! கட்டணத்தில் சிறப்புச் சலுகை!”

பெரும்பாலும் இதை எழுதுபவர் மருத்துவர் அல்லர். கணினி தெரிந்த உறவுப் பையனோ, பதாகை அச்சடிக்கும் கடைக்காரரோ எழுதித் தருகிறார். மருத்துவர் ஒருமுறைகூடப் படித்திராத விவரணைகள் பல உண்டு. ஆனால் அதில் உள்ள சொல்லுக்குப் பொறுப்பு அவருடையதே.

== ஒவ்வொரு வரியாக ==

திருத்துவதற்கு எளிய வழி, ஒவ்வொரு சொற்றொடரையும் தனித்தாளில் எழுதி, அதன் எதிரே “இதைக் கிளினிக்கில் எதைக் காட்டி நிரூபிக்கலாம்?” என்று கேட்பதாகும். சுவரில் மாட்டிய பதிவுச் சான்றிதழ், மருத்துவரின் பட்டம், அறையில் இருக்கும் கருவி, வாசலில் எழுதிய நேரம் ஆகியவற்றுள் ஒன்றைக் காட்ட முடிந்தால் அந்தச் சொல் நிற்கும். காட்ட முடியாதது போகும்.

“நம்பர் 1”, “உலகத்தரம்”, “100% உத்தரவாதம்” ஆகிய மூன்றும் இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடுகின்றன. “மருத்துவமனை” என்ற சொல்லும் நிற்காது. படுக்கை வைத்து உள்நோயாளரைப் பார்க்கும் இடத்தையே மக்கள் அப்படி எண்ணுவர். இங்கு கிளினிக் என்பதே சரி.

“24 மணி நேர சேவை” என்பதற்கு, இரவில் மருத்துவர் தொலைபேசியில் பேசுவார் என்று விளக்கம் தரப்படுவதுண்டு. தொலைபேசி எடுப்பது வேறு, கதவு திறந்திருப்பது வேறு. வரைபடத்தில் நேரம் என்றால் நோயாளி உள்ளே வரக்கூடிய நேரம் மட்டுமே.

“நிரந்தரத் தீர்வு” சட்டத்தையும் தொடுகிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், அதன் அட்டவணையில் உள்ள நோய்களை மருந்தால் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அந்த அட்டவணையில் சர்க்கரை நோயும் உண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, இந்த வரியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் நோயாளிக்கு நேரும் கேடு பெரிது.

“சுகர் ஸ்பெஷலிஸ்ட்” என்பது பலரும் தவறென்றே உணராத இடம். சர்க்கரை நோயாளிகளை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருவதால் அனுபவம் கிடைத்திருக்கும். ஆனால் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில் நடத்தை விதிகளின்படி, அந்தத் துறையில் தனித் தகுதி பெறாத மருத்துவர் தம்மைச் சிறப்பு மருத்துவர் என்று கூறிக்கொள்ளக் கூடாது. நோயாளிகளை விளம்பரத்தால் ஈர்ப்பதையும் அவ்விதிகள் ஒழுக்கக்கேடாகக் கருதுகின்றன. “சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்க்கப்படும்” என்று எழுதலாம். அது உண்மை, தேடுவோருக்கும் அதுவே போதும்.

“சிறப்புச் சலுகை” கூகுளின் விதிப்படியே விலக்கு. விலை, தள்ளுபடி ஆகியவற்றை மையமாக வைத்து விவரணை எழுதவோ, அதில் இணைப்பு முகவரிகளைச் சேர்க்கவோ அந்நிறுவனம் அனுமதிப்பதில்லை.

== தேடுவோர் கண்ணில் படுவது ==

ஒரே சொல்லைப் பத்து முறை எழுதினால் தேடலில் முதலில் வரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உள்ளூர் முடிவுகளைத் தேடலுடனான பொருத்தம், தேடுபவரிடமிருந்து உள்ள தொலைவு, இடத்தின் அறிமுகம் ஆகிய மூன்றைக் கொண்டு வரிசைப்படுத்துவதாகக் கூகுள் கூறுகிறது. பொருத்தத்துக்கு விவரணையைவிட வேறு கட்டங்களே முதலில் சரியாக இருக்க வேண்டும். அவற்றுள் முதன்மையானது வகை. ஒரு முதன்மை வகையும் அதற்கு மேல் ஒன்பது துணை வகைகளும் தரலாம். மாதிரிக் கிளினிக்குக்கு Medical clinic அல்லது General practitioner பொருந்தும். Diabetologist, Hospital ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால், விவரணையிலிருந்து நீக்கிய பொய் வகையின் வழியாக மீண்டும் உள்ளே வந்துவிடும்.

பெயர்க் கட்டத்தில் வாசல் பலகையில் உள்ள பெயர் மட்டுமே இருக்க வேண்டும். அதன் பின்னால் “சிறந்த சுகர் டாக்டர்” என்று ஒட்டவைப்பது விதிமீறல். அதனால் பதிவே முடக்கப்படலாம்.

விவரணையில் செய்யக்கூடியது, மக்கள் பேசும் சொல்லை ஒருமுறை பயன்படுத்துவது. “நீரிழிவு” என்று எழுதிவிட்டு நின்றால், “சுகர் டெஸ்ட்” என்று தேடுபவர் அதில் தம் சொல்லைக் காண மாட்டார். ரத்த அழுத்தத்தைப் பலரும் பி.பி. என்றே அறிவர். ஊரார் வழி சொல்லும் அடையாளமும் இதில் அடங்கும். கதவு எண்ணைவிடப் பேருந்து நிலையத்தின் எந்த வாயில் என்பதே வெளியூர்க்காரருக்கு உதவும். எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்று தெரியாவிட்டால், வரவேற்பில் இருப்பவரிடம் ஒரு நாள் முழுவதும் தொலைபேசியில் வரும் கேள்விகளைக் குறித்துவைக்கச் சொல்லலாம்.

== திருத்திய விவரணை ==

“பேருந்து நிலையத்தின் மேற்கு வாயிலுக்கு எதிரே உள்ள பொது மருத்துவ வெளிநோயாளர் கிளினிக். காய்ச்சல், சளி, இருமல், வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய் (சுகர்), ரத்த அழுத்தம் (பி.பி.) ஆகியவற்றுக்கு எம்.பி.பி.எஸ். படித்த மருத்துவர் இருவர் பார்க்கின்றனர். ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை, ஈ.சி.ஜி., காயத்துக்குக் கட்டுப் போடுதல் ஆகியவை இங்கேயே உண்டு. எக்ஸ்ரே, ஸ்கேன், பிரசவம், உள்நோயாளர் படுக்கை வசதி இல்லை. இரவில் கிளினிக் இயங்காது. நெஞ்சுவலி, பாம்புக்கடி, விபத்து போன்ற அவசரத்துக்கு 108-ஐ அழைக்கவும். முன்பதிவு தேவையில்லை, வரிசை எண் காலை 8.30 மணி முதல் தரப்படும். நுழைவாயிலில் சாய்தளம் உண்டு.”

இது ஏறக்குறைய 600 குறியீடுகள் கொண்டது. தமிழில் எழுதுபவர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருங்குறியில் உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். “மருத்துவமனை” என்பது பள்ளிக்கணக்கில் 7 எழுத்து. ஒருங்குறிக் கணக்கில் 11. எழுத்தை எண்ணி 700 என்று நினைத்து எழுதியது கட்டத்தில் ஒட்டும்போது எல்லையைத் தாண்டி நிற்கும். அப்போது அவசரத்தில் கடைசி வரிகளை வெட்டுவார்கள். “இல்லை” என்று சொல்லும் வரிகள் அங்கேதான் இருந்தால் அவையே போய்விடும். செல்பேசியில் முதல் சில வரிகளே தெரியும் என்பதால் இடமும் வகையும் முதலிலேயே வந்துவிட வேண்டும்.

வியாழன்தோறும் வரும் குழந்தைநல மருத்துவர், இந்த மாத முகாம் போன்ற மாறக்கூடியவற்றை விவரணையில் எழுதாமல், தேதியிட்ட பதிவாக இடுவது நல்லது. மருத்துவர் வருவதை நிறுத்திய பிறகும் விவரணை அப்படியே நிற்கும். கைக்குழந்தையோடு வருபவர் ஏமாந்து திரும்புவார்.

== நேரக் கட்டம் ==

மேலே உள்ள விவரணையில் நேரம் இல்லாதது மறதியால் அன்று. நேரம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை மாற்றி மற்றொன்றை மறப்பது வழக்கம். அதற்கென உள்ள கட்டத்தில் காலை, மாலை என இரு பகுதியாகப் பிரித்துத் தர வேண்டும். 9 முதல் 8.30 வரை என்று ஒரே நீட்டாகப் பதிந்தால், பிற்பகல் 3 மணிக்கும் திறந்திருப்பதாகவே வரைபடம் காட்டும். பொங்கல், தீபாவளி விடுமுறைகளை Special hours என்ற பகுதியில் முன்கூட்டியே இடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் இதே விவரம் பின்வருமாறு எழுதப்படும்:

```
amenity=clinic
opening_hours=Mo-Sa 09:00-13:00,17:00-20:30; Su 09:00-13:00
```

== சரிபார்த்தல் ==

உரிமையாளர் கணக்கில் நுழைந்து, Edit profile பகுதியில் விவரணையை மாற்றிச் சேமித்தாலும் அது உடனே வெளியாகாமல் பரிசீலனைக்குப் போகலாம். வெளியானதா என்பதைக் கிளினிக்குடன் தொடர்பில்லாத ஒருவரின் செல்பேசியில் தேடிப் பார்க்க வேண்டும்; சொந்தக் கணக்கில் தெரிவதே பிறருக்கும் தெரியும் என்று கொள்ளக் கூடாது. Suggest an edit வழியாகப் பொதுமக்களும் நேரத்தையும் வகையையும் மாற்றப் பரிந்துரைக்கலாம்; கூகுள் அதை ஏற்றுவிடுவதும் உண்டு. ஆகவே மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

விவரணை பொய்க்கிறது என்பதை நோயாளிகளின் மதிப்புரைகளே முதலில் காட்டும். “மூணு மணிக்கு வந்தோம், பூட்டியிருந்தது”, “ஸ்கேன் இருக்குன்னு நெனச்சு வந்தோம்” என்ற வகைப் புகார்கள் மருத்துவரைப் பற்றியவை அல்ல. தவறாக நிரப்பிய ஒரு கட்டத்தைப் பற்றியவை. அவற்றுக்குப் பதில் எழுதும் முன் அந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும். பதில் எழுதும்போது வந்தவரின் நோயையோ அவர் பெற்ற மருத்துவத்தையோ குறிப்பிடக் கூடாது.