ரெண்டர் எங்கே நின்றது?

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: “டைம்லைன்ல திக்கித் திக்கி ஓடுது. ரெண்டர் போட்டா பாதியில நின்னுடுது. சில நேரம் சாஃப்ட்வேரே மூடிக்குது.” உடனே பக்கத்தில் இருப்பவர் தீர்ப்பு சொல்லிவிடுவார்: “லேப்டாப் பழசு, மாத்திடுங்க.” அது சில சமயம் சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தப் புலம்பலில் இருப்பவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

2015-ல் வந்த ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே இன்டெல் i5-5200U பிராசஸர், 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் 12 நிமிட வரவேற்பு வீடியோ ஒன்று தயாராக வேண்டும். காட்சிகள் ஃபோனில் 4கே-யில் எடுத்தவை. இடையிடையே கேமராவில் எடுத்த புகைப்படங்களும் உண்டு.

முதலில், திக்கும் விஷயம். இன்றைய ஃபோன்களில் பல, வீடியோவை ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. ஃபைல் சிறியதாக இருப்பதால் வேலையும் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேரெதிர். இந்த முறையில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப் படமாக இருப்பதில்லை; பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். டைம்லைனில் எங்காவது நடுவில் கிளிக் செய்தால், அந்த ஒரு ஃபிரேமைக் காட்டுவதற்கு முன்னால் உள்ள பல ஃபிரேம்களைக் கணினி விரித்தாக வேண்டும். ஒவ்வொரு 4கே ஃபிரேமிலும் சுமார் 83 லட்சம் புள்ளிகள் வேறு.

இந்த விரிக்கும் வேலைக்கென்றே பிராசஸர் சிப்புக்குள் தனிச் சுற்று இருக்கும். ஹெச்இவிசி-யை முழுமையாகக் கையாளும் சுற்றை இன்டெல் தன் 6-ஆம் தலைமுறை சிப்புகளில்தான் வைத்தது. 10-பிட் ஹெச்இவிசி என்றால் 7-ஆம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் லேப்டாப் 5-ஆம் தலைமுறை. ஆகவே மொத்தச் சுமையும் பிராசஸரின் இரண்டே கோர்களின் தலையில் விழுகிறது.

இது ஊகமாக இருக்க வேண்டியதில்லை. வீடியோ ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து `Performance` பக்கத்தைப் பார்க்கலாம். `CPU` 100 சதவீதத்தைத் தொட்டு, `GPU` பக்கத்தில் உள்ள `Video Decode` கோடு தரையோடு தரையாகக் கிடந்தால் நோய் இதுதான். `CPU` 30 சதவீதத்தில் சும்மா இருக்க, `Disk` 100-இல் நிற்கிறதா? அப்படியானால் காட்சிகளைப் படித்துத் தர ஹார்ட் டிஸ்க்கால் முடியவில்லை. இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் திக்கும்.

முதல் நோய்க்கு மருந்து பிராக்ஸி. அதாவது ஒவ்வொரு காட்சிக்கும் சிறிய, விரிக்க எளிதான நகல் ஒன்றை உருவாக்கி, எடிட்டிங்கை அதில் செய்வது. பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. இறுதி ரெண்டரின்போது மென்பொருள் அசல் காட்சிகளுக்கே திரும்பிவிடும். நேரம் அதிகம் பிடிக்கும், தரம் குறையாது. முன்னோட்டத்தில் விழும் ஃபிரேம்கள் இறுதி வீடியோவில் விழுவதில்லை என்பது பலருக்குத் தெரியாததால், வீணாகக் கவலைப்படுகிறார்கள்.

இறுதி வீடியோவே திக்கினாலோ, பேச்சும் உதடும் போகப்போக விலகினாலோ கதை வேறு. ஃபோன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இலவச மென்பொருளான மீடியாஇன்ஃபோவில் காட்சியைத் திறந்தால் `Frame rate mode` என்ற வரியில் `Variable` என்று இருக்கும். அத்தகைய காட்சிகளை எடிட்டிங்குக்குக் கொண்டுவரும் முன்பே, ஹேண்ட்பிரேக்கில் `Constant Framerate` தேர்வு செய்து மாற்றிவிட வேண்டும்.

ரெண்டர் நிற்பதற்கு வருவோம். நம் லேப்டாப்பில் முன்னோட்டம் சரியாகிவிட்டது. ரெண்டர் மட்டும் பாதியில் நிற்கிறது. எந்த செட்டிங்கையும் தொடாமல் இன்னொரு முறை ஓடவிட்டு, இரண்டு முறையும் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே இடம் என்றால் குற்றவாளி டைம்லைனில் இருக்கிறார். வெவ்வேறு இடம் என்றால் அவர் பெரும்பாலும் லேப்டாப்பில் இருக்கிறார்.

இங்கே ஒரே இடம். 12 நிமிடத்தில் முதல் பாதியை மட்டும் ரெண்டர் செய்தால் முடிகிறது. இரண்டாம் பாதி நிற்கிறது. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். இப்படி ஏழு முறை பிரித்தால் 720 விநாடி சுமார் 6 விநாடியாகச் சுருங்கிவிடும். அங்கே இருந்தவை இரண்டு புகைப்படங்கள்: ஒன்று மறைய இன்னொன்று தோன்றுகிறது, மேலே மங்கலாக்கும் எஃபெக்ட்.

பார்த்தால் சாதாரணம். ஆனால் 24 மெகாபிக்சல் படம் என்பது 6000-க்கு 4000 புள்ளிகள். வண்ணங்களைத் துல்லியமாகக் கணக்கிடும் முறையில் ஒரு புள்ளிக்கு 16 பைட் தேவை. ஆக, டிஸ்க்கில் 8 எம்பி மட்டுமே இருக்கும் படம் நினைவகத்தில் 384 எம்பி பிடிக்கும். இரண்டு படங்கள், ஒவ்வொரு எஃபெக்ட்டுக்கும் இடைக்கால நகல்கள் என்று சேர்ந்தால் அது ஜிபி கணக்கில் போய்விடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸுக்கான நினைவகமும் அதே 8 ஜிபி ரேமிலிருந்துதான் வர வேண்டும். ஃபுல் ஹெச்டி வீடியோவுக்கு 2400 புள்ளி அகலமே தாராளம். படங்களை அந்த அளவுக்குக் குறைத்து மறுபடி வைத்தால் ஒன்றுக்கு 61 எம்பி போதும். ரெண்டர் அந்த இடத்தைத் தாண்டிவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு: ஃபைல் எப்போதும் 4 ஜிபியை எட்டும்போது நின்றால் டைம்லைனைத் தோண்ட வேண்டாம். பென்டிரைவ் `FAT32` முறையில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு ஃபைலை அது ஏற்காது.

வெவ்வேறு இடங்களில் நின்றாலோ, மென்பொருள் மூடிக்கொண்டாலோ, விண்டோஸ் தானே எழுதிவைக்கும் குறிப்பைப் படிக்கலாம். விண்டோஸ் விசையோடு R அழுத்தி `perfmon /rel` என்று கொடுத்தால் தேதிவாரியாகப் பட்டியல் வரும். `Windows was not properly shut down` என்றிருந்தால் லேப்டாப்பே திடீரென அணைந்திருக்கிறது. சூடு, சார்ஜர், பேட்டரி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். எடிட்டிங் மென்பொருளின் பெயரும் `Stopped working` என்பதும் இருந்தால், விவரத்துக்குள் `Fault Module Name` என்ற வரியைப் பாருங்கள். அங்கே `igd` என்று தொடங்கும் பெயர் வந்தால் அது இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர். அதைப் புதுப்பித்துப் பார்க்கலாம். `ntdll.dll` என்று வந்தால் ஒன்றும் தெரியாது. அந்தப் பெயர் பல வகை விபத்துகளுக்கும் வரும்.

சூட்டைத் தனியாகவும் சோதிக்கலாம். ரெண்டர் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் வேகம் தெரியும். இந்த i5-இன் அடிப்படை வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸ். சில நிமிடங்களில் அது 1 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் காற்றாடியில் தூசு அடைத்திருக்கும், அல்லது சிப்பின் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். சர்வீஸ் கடையில் இரண்டையும் ஒரே அமர்வில் சரிசெய்துவிடுவார்கள்.

பணம் செலவழிக்கும் முன் டாஸ்க் மேனேஜரில் பார்த்ததை வைத்து முடிவெடுங்கள். `Disk` நிரம்பி நின்றால் எஸ்எஸ்டி. `Memory` நிரம்பி நின்றால் ரேம். ஆனால் மெல்லிய மாடல்களில் அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். `CPU` மட்டும் நிரம்பினால் இரண்டுமே உதவாது, பிராக்ஸிதான் வழி. ஃபோன் 10-பிட்டில் எடுத்த 4கே காட்சிக்கு நாய்ஸ் ரிடக்‌ஷனும் போட்டு மறுநாளே டெலிவரி என்றால், அந்த வேலை இந்த லேப்டாப்புக்கு ஆகாது.