கட்டி முடியாத வீட்டை முதல் ஒதுக்கீட்டாளரிடமிருந்து வாங்கும்போது கேட்க வேண்டியவை

கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும் அடுக்குமாடித் திட்டத்தில் முதலில் புக் செய்தவர், வீடு கைக்கு வருவதற்கு முன்பே அதை இன்னொருவருக்கு விற்றுவிட்டு விலகுவதுண்டு. அப்போது விற்பவரிடம் கதவும் சாவியும் உள்ள வீடு இருப்பதில்லை. பில்டரோடு செய்த ஒப்பந்தமும், இதுவரை கட்டிய பணத்தின் கணக்கும், இன்ன தேதிக்குள் வீடு தரப்படும் என்ற வாக்குறுதியும்தான் இருக்கின்றன. வாங்குபவருக்குக் கைமாறுவதும் இவை மூன்றுதான். எனவே விற்பவரிடம் கேட்ட ஒவ்வொரு விவரத்தையும் பில்டரிடமும் கேட்டு, இரண்டு பதில்களும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே இந்தப் பரிமாற்றத்தின் அடிப்படை வேலை.

மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 2016 இப்படி வாங்குபவருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ரெரா என்று அழைக்கப்படும் இந்தச் சட்டத்தின் விளக்கப்படி, விற்பனை மூலமாகவோ வேறு வகையிலோ ஒதுக்கீட்டைப் பின்னர் பெற்றவரும் ஒதுக்கீட்டாளரே. வாடகைக்கு வந்தவர் மட்டும் அதில் சேரமாட்டார். ஆனால், இந்த உரிமை கையில் நிற்பது ஆவணங்கள் ஒழுங்காகக் கைமாறியிருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது.

விற்பவரின் கையில் இருப்பது என்ன பத்திரம்?

தமிழ்நாட்டில் நீண்டகாலமாக இருந்த வழக்கப்படி, அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டு ஆவணங்கள் எழுதப்பட்டு வந்தன. ஒன்று, யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்குக்கான கிரயப் பத்திரம். மற்றது, வீட்டைக் கட்டித் தருவதற்கான கட்டுமான ஒப்பந்தம். விற்பவர் இவற்றில் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதே அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நிலப் பங்கு ஏற்கெனவே அவர் பெயரில் பதிவாகியிருந்தால், அவரே வாங்குபவருக்குப் புதிய கிரயப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அதற்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் உண்டு. நிலம் மாறிவிட்டாலும் கட்டுமான ஒப்பந்தம் தானாக மாறாது. அதற்கு விற்பவர், வாங்குபவர், பில்டர் மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் தேவை. பில்டர் கையெழுத்திடாவிட்டால், வாங்குபவரிடம் நிலத்தில் ஒரு பங்கு இருக்கும். அதன்மேல் வீடு கட்டித் தரும்படி கேட்பதற்கான ஒப்பந்தம் இருக்காது.

விற்பவரிடம் ஒதுக்கீட்டுக் கடிதம் மட்டுமே இருக்கிறதென்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டின் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்பது ரெராவின் விதி. பாதிப் பணம் கட்டிய பிறகும் பதிவான ஒப்பந்தம் இல்லையென்றால், அதற்கான காரணத்தைப் பில்டரிடம் கேட்க வேண்டும்.

புக் செய்தது கணவனும் மனைவியும் சேர்ந்தா, தனியொருவரா என்பதையும் கேட்க வேண்டும். பெயர் உள்ள எல்லோரும் கையெழுத்திட்டாக வேண்டும். அவர்களில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வாங்குபவர் வரியைப் பிடித்துக் கட்டும் விதி மாறும், விகிதமும் கூடும். அதை முன்பணம் தருவதற்கு முன்பே ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பில்டரின் கணக்கில் எவ்வளவு வரவாகியிருக்கிறது?

‘இதுவரை இவ்வளவு கட்டியிருக்கிறேன்’ என்று விற்பவர் சொல்லும் தொகைக்கும் பில்டரின் பேரேட்டில் உள்ள தொகைக்கும் வேறுபாடு இருப்பது அரிதல்ல. பில்டர் கேட்ட தவணையைக் கட்டிய தவணையாக விற்பவர் எண்ணிச் சொல்லியிருக்கலாம். ஜிஎஸ்டியைச் சேர்த்தும் சொல்லியிருக்கலாம். ஆகவே அந்த வீட்டுக்கான முழுக் கணக்கு அறிக்கையைப் பில்டரின் கையெழுத்தோடு வாங்க வேண்டும். அதில் கேட்ட தவணைகள், வந்த தொகைகள், நிலுவை, தாமதத்துக்கான வட்டி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டாக, 1,100 சதுர அடி வீடு ஒன்று 66 லட்சம் ரூபாய்க்குப் புக் செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். விற்பவர், 60 சதவீதமான 39.60 லட்சத்தைக் கட்டிவிட்டதாகச் சொல்கிறார். அதன்மேல் 6 லட்சம் லாபம் வைத்து 45.60 லட்சம் கேட்கிறார். மீதி 26.40 லட்சத்தைப் பில்டருக்குக் கட்டினால் 72 லட்சத்தில் வீடு முடியும் என்பது அவர் சொல்லும் கணக்கு.

பில்டரின் அறிக்கை வந்தபோது, வரவானது 36.30 லட்சம்தான் என்று தெரிகிறது. கடைசித் தவணையான 3.30 லட்சம் எட்டு மாதமாக நிலுவையில் இருக்கிறது. ஆண்டுக்கு 11 சதவீதம் என்று கொண்டால் அதன் வட்டி 24,200 ரூபாய். எனவே விற்பவருக்குச் சேர வேண்டியது 42.30 லட்சம். வட்டியை அவர் பங்கில் கழித்துக்கொள்ள வேண்டும். பில்டருக்குக் கட்ட வேண்டிய மீதி 29.70 லட்சம்.

இதோடு வேறு செலவுகளும் சேர்கின்றன. மீதித் தவணைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 1,48,500 ரூபாய். பில்டர் பெயர் மாற்றுவதற்குச் சதுர அடிக்கு 100 ரூபாய் கேட்டால் 1.10 லட்சம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,29,800 ரூபாய். நிலப் பங்கின் மதிப்பு 15 லட்சம் என்றால் கிரயப் பதிவுக்கு 1.35 லட்சம். ஆக, 72 லட்சம் என்று சொல்லப்பட்ட வீடு 76.13 லட்சத்தில் நிற்கிறது. கார் நிறுத்துமிடம், பராமரிப்பு நிதி, மின் இணைப்பு போன்றவை ஒப்பந்த விலையில் அடங்கியிருக்கின்றனவா என்பதை இதன் பிறகும் கேட்டாக வேண்டும்.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. திட்டம் நின்றுபோய், பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், பில்டர் திருப்பித் தர வேண்டியது அவர் பெற்ற தொகையையும் அதற்கான வட்டியையும்தான். விற்பவருக்குக் கொடுத்த 6 லட்சம் லாபம் அதில் வராது. ரொக்கமாகக் கைமாறிய பணத்துக்கோ கணக்கே இருக்காது. அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. இதுவரை வரவான முழுத் தொகையும் புதியவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது என்று பில்டர் எழுதித் தருவது ஆகவே கட்டாயம்.

கடன் யார் பெயரில், எங்கே இருக்கிறது?

விற்பவர் வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் மூலப் பத்திரங்கள் வங்கியில் இருக்கும். பாக்கித் தொகையைக் காட்டும் கடன் முடிப்புக் கடிதத்தையும், வங்கியிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலையும் அவர் வாங்கித் தர வேண்டும். மேலே சொன்ன வீட்டில் 22 லட்சம் கடன் இருந்தால், அந்தத் தொகையை விற்பவரிடம் தராமல் அவருடைய கடன் கணக்குக்கே நேராகச் செலுத்த வேண்டும்.

பில்டரின் கடன் வேறு. திட்டத்தின் நிலத்தை அடமானம் வைத்து அவர் வங்கியில் கடன் வாங்கியிருக்கலாம். நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டால், உரிமைப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்த பதிவு அதில் தெரியவரும். அப்படி இருந்தால், குறிப்பிட்ட அந்த வீட்டுக்கு வங்கி தந்த தடையில்லாச் சான்றைப் பில்டரிடம் கேட்க வேண்டும்.

வீடு எப்போது கிடைக்கும், தாமதத்துக்கு யார் பொறுப்பு?

ஒரே திட்டத்துக்கு மூன்று தேதிகள் இருக்கலாம்: விற்பவரின் ஒப்பந்தத்தில் உள்ள ஒப்படைப்புத் தேதி, ரெரா பதிவில் பில்டர் அறிவித்த முடிவுத் தேதி, நீட்டிப்பு வாங்கியிருந்தால் அந்தப் புதிய தேதி. பின்னிரண்டையும் தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் rera.tn.gov.in தளத்தில் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்டர் தர வேண்டிய கட்டுமான முன்னேற்ற விவரத்தையும் அங்கே தேட வேண்டும். பிறகு கட்டுமான இடத்துக்குப் போய், ஐந்தாம் மாடித் தளம் போட்டதாகச் சொல்லித் தவணை கேட்டிருந்தால் அந்தத் தளம் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத் தேதி தவறினால் ரெராவின் 18-ஆவது பிரிவு இரண்டு வழிகளைத் தருகிறது: விலகி, பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம், அல்லது வீட்டுக்காகக் காத்திருந்து, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம். இடையில் வந்து வாங்கியவருக்கும் இது பொருந்துமா என்பதில் ஒரு வரலாறு உண்டு. தாமதம் தெரிந்தே வாங்கியவர் இழப்பீடு கேட்க முடியாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2008-ல் ஹரியானா மனைகள் தொடர்பான வழக்கில் எடுத்தது. 2021-ல் நொய்டா அடுக்குமாடித் திட்டம் ஒன்றைப் பற்றிய லாரியேட் பில்ட்வெல் வழக்கில், பின்னர் வாங்கியவர் என்ற ஒரே காரணத்துக்காக நிவாரணத்தை மறுக்க முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால், உரிமை கைமாறியது பில்டருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் வட்டியைக் கணக்கிட்டது. இரண்டும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வந்த வழக்குகள் என்றாலும், பெயர் மாற்றத்தைப் பில்டரின் ஏட்டில் தள்ளிப்போடாமல் ஏற்ற வேண்டியதன் அவசியம் இதிலிருந்து விளங்கும்.

இந்த இடத்தில் பில்டரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, பழைய ஒப்பந்தம் அப்படியே மாற்றித் தரப்படுமா, அல்லது அதை ரத்துசெய்துவிட்டுப் புதிதாக எழுதப்படுமா என்பது. புதிதாக எழுதினால் ஒப்படைப்புத் தேதியும் புதிதாகும். அதுவரை நடந்த தாமதம் காகிதத்தில் மறைந்துவிடும். விலையும் இன்றைய விலையாக மாறக்கூடும். பெயர் மாற்றக் கடிதத்துக்குள் ‘தாமத இழப்பீடு எதையும் கோரமாட்டேன்’ என்ற ஒரு வரி நுழைந்திருக்கிறதா என்றும் படித்துப் பார்க்க வேண்டும். இருந்தால், அதை நீக்கச் சொல்ல வேண்டும். நீக்க மறுத்தால் அந்த இழப்பை விலையில் குறைத்துப் பேச வேண்டும்.

பணம் எந்த வரிசையில் போக வேண்டும்?

பில்டரின் கணக்கு அறிக்கையும், பெயர் மாற்றத்துக்கான எழுத்துச் சம்மதமும் கையில் வருவதற்கு முன் பெரிய தொகை எதையும் தரக் கூடாது. முதலில் சிறிய முன்பணத்தோடு விற்பவருடன் ஓர் ஒப்பந்தம் எழுதி, பில்டரின் சம்மதமோ வங்கியின் விடுவிப்போ கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று அதில் சேர்க்க வேண்டும். அடுத்தது விற்பவரின் வங்கிக் கடனை முடித்து மூலப் பத்திரங்களை மீட்பது. விற்பவரின் மீதித் தொகை, கிரயப் பத்திரம் பதிவாகும் அன்றே, முத்தரப்பு ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்திட்ட பிறகு போக வேண்டும்.

அன்றைக்கு ஒதுக்கீட்டுக் கடிதம், ஒப்பந்தங்கள், எல்லா ரசீதுகள், பில்டர் அனுப்பிய தவணைக் கடிதங்கள், தாமதம் பற்றிய கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் மூலங்களையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னாளில் ரெரா ஆணையத்தில் முறையிட நேர்ந்தால், முதல் ஒதுக்கீட்டாளர் எப்போது எவ்வளவு கட்டினார் என்பதை நிறுவ அந்தக் காகிதங்களே சான்று.