ஸ்லைடை அப்படியே அட்டையாக்க முடியாது

வகுப்பில் காட்டப்படும் ஸ்லைடு ஆசிரியர் பேசுவதற்கான குறிப்பு. அதன் வரிகளை அப்படியே நகலெடுத்தால் நினைவட்டை கிடைப்பதில்லை. 'ஒத்துழையாமை இயக்கம்: காரணங்கள், விளைவுகள்' என்ற வரலாற்றுப் பாட ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக், கிலாபத், சௌரி சௌரா எனப் பெயர்களும், இடையிடையே அம்புக்குறிகளும் மட்டுமே அதில் இருக்கும்.

'இயக்கத்தின் காரணங்கள் யாவை?' என்று கேட்கும் அட்டை பயன்படாது. மூன்றில் இரண்டைச் சொன்னவர் அதைச் சரி என்று வைப்பதா, தவறு என்று வைப்பதா? ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரே பதில் என்பதே விதி.

கலைச்சொற்களுக்கு இரு பக்கமும் கேள்வி வேண்டும். 'ரௌலட் சட்டம் அரசுக்கு எந்த அதிகாரத்தைத் தந்தது?' என்பது ஒரு அட்டை. 'விசாரணையின்றிச் சிறை வைக்க வழிசெய்த 1919-ஆம் ஆண்டுச் சட்டம் எது?' என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை தெரிந்தவர் இரண்டாவதில் தடுமாறுவது சாதாரணம்.

அதிகக் கவனம் தேவைப்படுவது அம்புக்குறிகளுக்குத்தான். ரௌலட் சட்டத்திலிருந்து ஜாலியன்வாலா பாக்கிற்குப் போகும் அம்பு, இடையில் நடந்ததை மறைத்துவிடுகிறது. சட்டத்தை எதிர்த்த தலைவர்களான கிச்லு, சத்யபால் இருவரும் 1919 ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸில் கைது செய்யப்பட்டனர். ஊர் கொந்தளித்தது. ஏப்ரல் 13 அன்று திடலில் கூடியவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. ஆகவே அந்த ஓர் அம்புக்கு இரண்டு அட்டைகள் தேவை: 'சட்ட எதிர்ப்பு அமிர்தசரஸில் ஏன் முற்றியது?', 'ஏப்ரல் 13 அன்று மக்கள் எதை எதிர்த்துக் கூடினர்?' இந்த இடைக்கண்ணி ஸ்லைடில் இருக்காது. வகுப்புக் குறிப்பிலிருந்தோ பாடநூலிலிருந்தோதான் எடுக்க வேண்டும். அதனால் வகுப்பு நடந்த அன்றே அட்டை எழுதுவது நல்லது.

தேதிகளும் இந்தத் தொடரிலேயே நிலைக்கும். சௌரி சௌராவில் காவல் நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டுக் காவலர்கள் இறந்தது 1922 பிப்ரவரியின் தொடக்கத்தில். இயக்கம் நிறுத்தப்பட்டது அதே மாதம் 12-ஆம் தேதி. 'எப்போது?' என்ற அட்டையோடு 'காந்தி ஏன் நிறுத்தினார்?' என்பதும் இருந்தால், எது முன், எது பின் என்ற குழப்பம் வராது. 'முதலில் நடந்தது இதுவா, அதுவா?' என்று மட்டும் கேட்பது வீண். குருட்டாம்போக்கிலேயே பாதி முறை சரியாகிவிடும்.

படிக்கும்போது சரியான அட்டைகளைச் சில நாள் தள்ளி வைத்து, தவறியவற்றை மறுநாளே எடுக்க வேண்டும். ஓர் அட்டை திரும்பத் திரும்பத் தவறினால் அதைப் பிரித்தோ மாற்றியோ எழுத வேண்டும். கேள்வியை முழுதாகப் படிக்கும் முன்பே விடை வந்துவிட்டால், நினைவில் இருப்பது அட்டையின் தோற்றம்தான், பாடம் அல்ல. அந்த அட்டையின் கேள்வியை வேறு சொற்களில் மாற்றி எழுதுங்கள்.