ஸ்லைடில் கூட்டல், புத்தகத்தில் கழித்தல்

வெப்ப இயக்கவியலுக்கு நோட்ஸ் எடுக்க உட்காரும் முதலாண்டு மாணவருக்கு முதல் பக்கத்திலேயே ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. வேதியியல் ஆசிரியர் அனுப்பிய ஸ்லைடில் முதல் விதி ΔU = q + w என்று இருக்கும். நூலகத்தில் எடுத்த இயந்திரப் பொறியியல் புத்தகத்தில் அதே விதி ΔU = Q − W என்று இருக்கும். பள்ளியிலேயே தொடங்கிவிடுகிற சிக்கல் இது. என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகம் கூட்டல் குறி போடுகிறது. அதே வகுப்பின் இயற்பியல் புத்தகம் ΔQ = ΔU + ΔW என்று எழுதுகிறது; ΔU-வைத் தனியாகப் பிரித்தால் அங்கே கழித்தல் வந்து நிற்கும்.

இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். சார் சொன்னதுதான் பரீட்சைக்கு வரும் என்று சிலர் ஸ்லைடை எடுத்துக்கொள்வார்கள். அச்சான புத்தகம் தப்பாக இருக்காது என்று சிலர் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள். எது சரி என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே எழுத்தை ஒரே பொருளில்தான் பயன்படுத்துகின்றனவா?

இங்கே பயன்படுத்தவில்லை. வேதியியல் ஸ்லைடின் w என்பது வாயுவின் மேல் வெளியிலிருந்து செய்யப்படும் வேலை. பொறியியல் புத்தகத்தின் W என்பது வாயு வெளியே செய்யும் வேலை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. 1850-இல் கிளாசியஸ் இந்த விதியைச் சமன்பாடாக எழுதிய காலம், நீராவி எஞ்சின்களின் காலம். உள்ளே வெப்பம் போகிறது, வெளியே வேலை வருகிறது. எஞ்சின்காரருக்கு வெளியே வரும் வேலைதான் லாபம், அதனால் அதற்கு நேர்க்குறி. வேதியியலாரின் கண் குடுவைக்குள் இருக்கும் பொருளின் மேல் இருக்கிறது. வெப்பமோ வேலையோ, உள்ளே வருவதெல்லாம் நேர்க்குறி, வெளியே போவதெல்லாம் எதிர்க்குறி. வேதியியலின் பன்னாட்டு ஒன்றியமான ஐயூபேக் ஏற்றுக்கொண்டிருப்பதும் இந்த முறைதான்.

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். பிஸ்டன் பொருத்திய சிலிண்டரில் வாயு இருக்கிறது. வெளி அழுத்தம் 1 பார். வாயுவுக்கு 500 ஜூல் வெப்பம் கொடுக்கிறோம், அது 2 லிட்டர் விரிகிறது. 1 பார் என்பது 10⁵ பாஸ்கல், 2 லிட்டர் என்பது 0.002 கன மீட்டர். பெருக்கினால் 200 ஜூல். வாயு வெளியே தள்ளிய வேலை இது.

புத்தகத்தின் முறைப்படி W = +200. ஆகவே ΔU = 500 − 200 = 300 ஜூல். ஸ்லைடின் முறைப்படி வேலை வெளியே போனதால் w = −200. ஆகவே ΔU = 500 + (−200) = 300 ஜூல். அக ஆற்றல் எவ்வளவு கூடியது என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. இப்படி இரு வழியும் ஒரே விடையில் வந்து சேர்ந்தால் அது வெறும் குறியீட்டு வழக்கம் பற்றிய வேறுபாடு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து நோட்ஸ் முழுக்க அதையே வைத்துக்கொள்ளலாம், இன்னொன்றை ஓரத்தில் ஒரு வரியாகக் குறித்துவைத்தால் போதும்.

விபரீதம் நடப்பது இரண்டையும் கலக்கும்போது. ஸ்லைடிலிருந்து w = −200 எடுத்து, புத்தகத்தின் கழித்தல் சூத்திரத்தில் போட்டால் 500 − (−200) = 700 என்று வரும். புத்தகத்தின் +200-ஐ ஸ்லைடின் கூட்டலில் போட்டாலும் அதே 700. கொடுத்த வெப்பமே 500 ஜூல்தான், அதிலும் வாயு வெளியே வேலை செய்திருக்கிறது. அப்படியிருக்க அதன் அக ஆற்றல் 700 ஜூல் கூடியது என்றால் அந்த விடை தன் குட்டைத் தானே உடைத்துக்கொள்கிறது. இதைவிடச் சுருக்கமான சோதனையும் உண்டு. வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் மூடிவைத்த வாயு, பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு விரிந்தால் குளிரத்தான் வேண்டும். நோட்ஸில் எழுதிய சூத்திரத்தில் q = 0 என்று போட்டு, விரியும் வாயுவுக்கு ΔU எதிர்க்குறியில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நேர்க்குறியில் வந்தால் எங்கோ இரு வழக்கங்கள் கலந்துவிட்டன.

இந்தச் சோதனையை ஸ்லைடுகளுக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம் என்று அழுத்திச் சொல்வேன். ஸ்லைடு தனக்குத்தானே முரண்படுவது உண்டு. முதல் விதிக்கான ஸ்லைடில் ΔU = q + w. நாலு ஸ்லைடு தள்ளி விரிவு வேலைக்கு w = PΔV. அதற்குக் கீழே 1 bar = 105 Pa. இந்த மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 10⁵ என்பது 105 ஆகியிருக்கிறது. பி.டி.எஃப்.-இலிருந்து நகலெடுத்து ஸ்லைடில் ஒட்டும்போது அடுக்குக்குறி இறங்கி வரியோடு வரியாக உட்கார்ந்துவிடும். கழித்தல் குறியும் அப்படி ஒட்டும்போது காணாமல் போகக்கூடியது. மூலத்தில் w = −PΔV என்று இருந்து, குறி மட்டும் உதிர்ந்திருக்கலாம். அல்லது அந்த ஒரு ஸ்லைடு வேறு புத்தகத்திலிருந்து வந்திருக்கலாம். எதுவானாலும் இது வழக்க வேறுபாடு அல்ல, பிழை. இதை இரு தரப்பும் சரி என்று சமாதானம் செய்துவைக்கக் கூடாது.

105-ஐக் கணக்கில் போட்டால் வேலை வெறும் 0.21 ஜூல் வரும். இரண்டு லிட்டர் அளவுக்கு வளிமண்டலத்தையே தள்ளிய வாயு அவ்வளவு கொஞ்சமாகவா வேலை செய்திருக்கும் என்று சந்தேகம் வர வேண்டும். குறி உதிர்ந்ததை மேலே சொன்ன குளிர்ச்சிச் சோதனை காட்டிக்கொடுக்கும். இப்படிப்பட்ட இடங்களில் ஸ்லைடு, புத்தகம், சீனியர் நோட்ஸ் மூன்றையும் வைத்து ஓட்டெடுப்பு நடத்துவது உதவாது. சீனியர் நோட்ஸ் அதே ஸ்லைடைப் பார்த்து எழுதியதாக இருக்கும். ஒரே பிழைக்கு இரண்டு ஓட்டு விழும். தானே கணக்குப் போட்டு வரவழைக்க முடிகிற விஷயம் என்றால், அந்தக் கணக்குதான் தீர்ப்பு. புத்தகத்திலும் பிழை இருக்கும். பல பதிப்பாளர்கள் பிழைதிருத்தப் பட்டியல் வெளியிடுகிறார்கள். கையில் இருக்கும் பதிப்பு எத்தனையாவது என்று பார்த்து, அந்தப் பதிப்புக்குரிய பட்டியலைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு வகை முரண்பாட்டில் இரு தரப்பும் தத்தம் காலத்தில் சரியாக இருந்திருக்கும். வேதியியலில் இதற்குப் பெயர்போன உதாரணம் ஒரு மோல் வாயுவின் கன அளவு. பழைய புத்தகத்தில் திட்ட வெப்ப அழுத்த நிலையில் 22.4 லிட்டர். புதிய ஸ்லைடில் 22.7 லிட்டர். வெப்பநிலை இரண்டிலும் 0 டிகிரி செல்சியஸ்தான், அழுத்தம்தான் மாறியது. முன்பு திட்ட அழுத்தம் 1 அட்மாஸ்பியர், அதாவது 1,01,325 பாஸ்கல். 1982-இல் ஐயூபேக் அதை 1 பார், அதாவது 1,00,000 பாஸ்கல் என்று மாற்றியது. அழுத்தம் கொஞ்சம் குறைந்ததால் வாயு கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறது. V = RT/P என்ற சமன்பாட்டில் இரு அழுத்தங்களையும் போட்டால் 22.41, 22.71 என்று இரண்டு எண்களும் வந்துவிடும்.

புதியதை எடுத்துக்கொண்டு பழையதைத் தூக்கிப் போடலாமா என்றால், கூடாது. மாற்றம் வந்து இத்தனை வருடம் ஆகியும் 22.4-ஐ வைத்து அமைத்த கேள்விகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. கேள்வியில் வரும் எண்ணே பெரும்பாலும் துப்புக் கொடுத்துவிடும். 5.6 லிட்டர், 11.2 லிட்டர் என்று வந்தால் கேள்வி அமைத்தவர் மனதில் 22.4 இருக்கிறது, ஏனென்றால் அவை அதன் காலும் பாதியும். 11.35 லிட்டர் என்று வந்தால் 22.7. கேள்வியே அழுத்தத்தைச் சொல்லியிருந்தால் ஊகத்துக்கு வேலையில்லை, அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நோட்ஸில் வெறும் எண்ணை எழுதினால் போதாது. “22.4 லி (0 °C, 1 atm), 22.7 லி (0 °C, 1 bar, 1982 முதல்)” என்று நிபந்தனையோடு எழுத வேண்டும். நிபந்தனையைச் சேர்த்து எழுதியதும் முரண்பாடே மறைந்து, இரண்டு வெவ்வேறு உண்மைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

முதல் விதிக்கான நோட்ஸ் பக்கமும் அப்படித்தான் இருக்க வேண்டும். மேலே முதல் வரியில் “w = வாயுவின் மேல் செய்யப்படும் வேலை; விரிவில் எதிர்க்குறி” என்று வழக்கத்தை அறிவிக்கலாம். அதன் கீழே ΔU = q + w, w = −PΔV. ஓரத்தில் “மெக்கானிக்கல் புத்தகம்: W = −w, ஆகவே Q − W.” அதற்கும் கீழே, எந்த ஸ்லைடு, எந்தப் பதிப்பில் எந்தப் பக்கம் என்று பென்சிலில் குறிப்பு. 500, 300 என்ற அந்தச் சிறு கணக்கையும் அங்கேயே போட்டுவைத்தால், தேர்வுக்கு முந்தின இரவு சந்தேகம் வந்தாலும் அரை நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியரிடம் கேட்கிற விதமும் முக்கியம். “சார், ஸ்லைடு தப்பா இருக்கு” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுபோகக்கூடும். கணக்கைக் காட்டிக் கேட்க வேண்டும்: “சார், பன்னிரண்டாவது ஸ்லைட்ல q + w போட்டிருக்கீங்க, பதினாறுல w = PΔV இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் போட்டா 700 வருது. பதினாறுல மைனஸ் வரணுமா சார்?” ஸ்லைடு எண்ணும் வந்த விடையும் கையில் இருப்பதால் அவர் உடனே பார்த்துச் சொல்லிவிட முடியும். திருத்தினால் மொத்த வகுப்புக்கும் பயன். பதில் கிடைத்ததும் அந்தத் தேதியை நோட்ஸ் ஓரத்தில் போட்டுவைக்கலாம்.

பதில் வருவதற்குள் தேர்வு வந்துவிட்டால், விடைத்தாளில் கணக்குக்கு முன் ஒரு வரி எழுத வேண்டும்: “இங்கே w என்பது அமைப்பின் மேல் செய்யப்படும் வேலை.” திருத்துபவர் கழித்தல் வழக்கத்தில் பழகியவராக இருந்தாலும், அந்த வரியைப் பார்த்த பின் உங்கள் குறிகளைப் பின்தொடர்வது அவருக்குச் சுலபம். வழக்கத்தைக் கேள்வித்தாளே சொல்லியிருந்தால் மட்டும் நோட்ஸை ஒதுக்கிவிட்டு அதன்படியே போட வேண்டும்; W = −w என்ற ஓரக்குறிப்பு நினைவில் இருந்தால் அந்த மாற்றத்துக்கு ஒரு வரி போதும்.