எந்தக் குழாயிலும் இல்லாத விடை

உப்புப் பிசறி வைத்த மாங்காய்த் துண்டு சற்று நேரத்தில் நீர் விட்டுத் துவண்டு போகும். வாடிய கீரைத்தண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தால் நிமிர்ந்துகொள்ளும். சமையலறையில் புழங்கும் எவருக்கும் இது தெரியும். முதலாவதில் நீர் வெளியே போகிறது, இரண்டாவதில் உள்ளே வருகிறது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில், காய்க்கு நீரைக் கொடுக்கவும் செய்யாத, அதனிடமிருந்து எடுக்கவும் செய்யாத ஒரு கரைசல் இருந்தாக வேண்டும். அந்தக் கரைசலின் அடர்வு என்ன?

இங்கிலாந்தில் பத்தாம் வகுப்புக்கு ஒப்பான ஜிசிஎஸ்இ உயிரியல் மாணவர்கள் இந்தக் கேள்விக்கு ஓர் உருளைக்கிழங்கைக் கொண்டு விடை காண்கிறார்கள். நம் ஊர்த் தாவரவியல் வகுப்புகளிலும் உருளைக்கிழங்கைக் குடைந்து, உள்ளே சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீரில் வைக்கும் ஆஸ்மாஸ்கோப் சோதனை உண்டு. குழிக்குள் மட்டம் உயர்வதைப் பார்த்து, சவ்வூடு பரவல் நடக்கிறது என்று எழுதிக்கொள்வோம். அந்தச் சோதனை 'நடக்கிறதா' என்ற கேள்விக்கு விடை தரும். இங்கே சொல்லப்போகும் சோதனை 'எவ்வளவு' என்ற கேள்விக்கு விடை தருகிறது. அந்த விடை கிடைக்கும் விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கண்டுபிடிக்க வேண்டிய கரைசலை நாம் ஒருபோதும் கலக்குவதில்லை. ஆனாலும் அது எது என்று தெரிந்துவிடுகிறது.

முதலில் சர்க்கரைக் கரைசல். வீட்டுச் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் சுக்ரோஸ் என்பதால் அதுவே போதும். 34.2 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் கரைத்து, பிறகு மொத்தம் 100 மில்லிலிட்டர் வரும்வரை நீர் சேர்த்தால் அது 1 மோலார் கரைசல். நீரை முதலிலேயே 100 மில்லிலிட்டர் அளந்து வைத்து அதில் சர்க்கரையைக் கொட்டுவது பலரும் செய்யும் பிழை. சர்க்கரையும் இடம் பிடிக்கும். மொத்தம் 120 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் போய், கரைசல் 0.8 மோலாருக்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

இந்தக் கரைசலில் 5, 10, 15, 20 மில்லிலிட்டர் எடுத்து, ஒவ்வொன்றையும் நீர் சேர்த்து 25 மில்லிலிட்டர் ஆக்கினால் 0.2, 0.4, 0.6, 0.8 மோலார் கரைசல்கள் கிடைக்கும். வெறும் காய்ச்சி வடித்த நீர் ஒரு குழாயில், நீர் சேர்க்காத கரைசல் ஒரு குழாயில். ஆக ஆறு குழாய்கள்.

கிழங்கிலிருந்து உருளைகளை எடுக்க, ஆய்வுக்கூடத்தில் கார்க் போரர் என்று சொல்லும் கூர்விளிம்புள்ள உலோகக் குழாய் இருக்கும். கிழங்குக்குள் அதைத் திருகி இறக்கினால் 1 செ.மீ. விட்டத்தில் சீரான தண்டு வரும். அதை 3 செ.மீ. நீளத்துக்கு நறுக்கினால் ஒரு துண்டு ஏறக்குறைய இரண்டரை கிராம் இருக்கும். இரு முனைகளிலும் தோல் ஒட்டியிருக்கக் கூடாது. கிழங்கின் தோல் நீரைக் காப்பதற்கென்றே அமைந்தது, எளிதில் விடாது. எல்லாத் துண்டுகளும் ஒரே கிழங்கிலிருந்து வருவது நல்லது. ஒவ்வொரு துண்டையும் டிஷ்யூ தாளில் ஒற்றி, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை போட்டு, குழாயில் இட்டு மூடி வைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தால்கூட வேறுபாடு தெரியும். ஓர் இரவு விட்டால் தெளிவாகத் தெரியும். வெயில் காலத்தில் அதற்கு மேல் விட்டால் கிழங்கு புளித்து நாற்றமெடுக்கத் தொடங்கும்.

எடுக்கும்போது தராசுக்கு முன்பே விரல்கள் சொல்லிவிடும். நீரில் கிடந்த துண்டு விறைப்பாக இருக்கும், வளைத்தால் படக்கென்று ஒடியும். அடர்ந்த கரைசலில் கிடந்தது ரப்பர் போல வளையும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வெறும் நீரில் வைத்த துண்டு 2.52 கிராமிலிருந்து 2.87 ஆகிறது. 0.2 மோலாரில் 2.48 என்பது 2.59 ஆகிறது. 0.4 மோலாரில் 2.55 என்பது 2.42 ஆகக் குறைகிறது. 0.6 மோலாரில் 2.50 கிராம் 2.18 ஆகவும், 0.8 மோலாரில் 2.46 கிராம் 2.02 ஆகவும், 1 மோலாரில் 2.53 கிராம் 2.01 ஆகவும் இறங்குகின்றன.

இந்த எடைகளை அப்படியே ஒப்பிட முடியாது. 2 கிராம் துண்டு 0.2 கிராம் கூடுவதும் 3 கிராம் துண்டு 0.3 கிராம் கூடுவதும் ஒரே அளவு மாற்றம்தான், இரண்டுமே பத்து விழுக்காடு. எவ்வளவு கவனமாக நறுக்கினாலும் துண்டுகள் ஒரே எடையில் அமைவதில்லை. ஆகவே எடை மாற்றத்தைத் தொடக்க எடையால் வகுத்து நூறால் பெருக்குகிறோம். வகுக்க வேண்டியது தொடக்க எடையால். இறுதி எடையால் வகுத்துவிட்டுக் குழம்பும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் வரிசையாகக் கிடைப்பவை: 13.9 கூடுதல், 4.4 கூடுதல், பிறகு 5.1, 12.8, 17.9, 20.6 விழுக்காடு குறைவு.

இப்போது கிராஃப் தாள். கிடையச்சில் கரைசலின் அடர்வு, நிலையச்சில் விழுக்காட்டு மாற்றம். சுழியம் தாளின் நடுவே வர வேண்டும், ஏனென்றால் புள்ளிகள் மேலேயும் கீழேயும் விழும். 0.2 மோலார் புள்ளி சுழியத்துக்கு மேலே, 0.4 மோலார் புள்ளி கீழே. இரண்டுக்கும் இடையே கோடு சுழியத்தைக் கடக்கிறது. 4.4 இறங்கிச் சுழியத்தைத் தொட்டு, மேலும் 5.1 இறங்குகிறது. மொத்த இறக்கமான 9.5-இல் 4.4 பங்கு தூரத்தில் கடக்கும் இடம் இருக்கிறது. கணக்கிட்டால் 0.29 மோலார். ஆறு குழாய்களில் எதிலும் இல்லாத கரைசல் அது. அதில் ஒரு துண்டை இட்டால் எடை மாறாது என்று தாள் சொல்கிறது. நம்பாதவர்கள் அந்தக் கரைசலைக் கலந்து ஏழாவது குழாயில் சோதிக்கலாம். சோதிக்கத்தான் வேண்டும்.

எடை மாறவில்லை என்றால் நீர் அசையவில்லை என்று பொருள் இல்லை. நீர் மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டி இரு பக்கமும் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. போவதும் வருவதும் சமம், அவ்வளவுதான். இதனால் ஒரு வசதியும் கிடைக்கிறது. நேரம் கூடினால் கோட்டின் சரிவு கூடும், வெறும் நீரில் 14 விழுக்காடு 18 ஆகலாம். ஆனால் மாற்றமே இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் ஆனாலும் பத்து மணி நேரம் ஆனாலும் மாற்றம் சுழியம்தான். எனவே அவசரமாகச் செய்த சோதனையும் பொறுமையாகச் செய்ததும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சுழியத்தைக் கடக்கும்.

புள்ளிகள் நேர்கோட்டில் விழாததையும் கவனியுங்கள். 0.8-க்கும் 1-க்கும் இடையே இறக்கம் 2.7 விழுக்காடு மட்டுமே. அடர்ந்த கரைசலில் செல்லின் உள்ளுறை சுருங்கிச் செல்சுவரை விட்டு விலகிவிடும். அந்த இடைவெளியில் சர்க்கரைக் கரைசல் புகுந்து நிரம்பும். செல் இழந்த நீரின் எடையில் ஒரு பகுதியை அது ஈடுகட்டிவிடுகிறது. போதாததற்கு, அந்தக் கரைசல் கிழங்கைவிடக் கனமானது என்பதால் துண்டு மிதந்து, அதன் மேற்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஆறு புள்ளிகளுக்கும் அடிக்கோலை வைத்து ஒரே நேர்கோடு இழுப்பது தவறு. வளைவாக வரையலாம், அல்லது சுழியத்துக்கு இருபுறமும் உள்ள பக்கத்துப் புள்ளிகளை நம்பலாம். முடிந்தால் 0.25, 0.3, 0.35 மோலாரில் மறுபடி செய்வது எல்லாவற்றிலும் சிறந்தது.

சோதனை கெடுவது பெரும்பாலும் டிஷ்யூ தாளில்தான். நம் துண்டின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 11 சதுர செ.மீ. அதன் மேல் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பில் நீர் படிந்திருந்தால் அந்த நீர் 0.11 கிராம். இரண்டரை கிராம் துண்டில் அது 4.4 விழுக்காடு! முதலில் ஒற்றி எடை போட்டு, இறுதியில் ஒற்றாமல் போட்டால் எல்லாப் புள்ளிகளும் அந்த அளவு மேலே ஏறிவிடும். 0.2-இல் 8.8 கூடுதல், 0.4-இல் 0.7 குறைவு என்றாகி, சுழியத்தைக் கடக்கும் இடம் 0.29-இலிருந்து 0.39-க்கு ஓடிவிடும். கோடு பார்க்க அழகாகவே இருக்கும், விடை மட்டும் தவறு. இந்தப் பிழையின் தீமை அதுதான். புள்ளிகள் சிதறினால் சந்தேகம் வரும், எல்லாம் ஒன்றாக நகர்ந்தால் வராது. அழுத்திப் பிழிவதும் கேடு. ஒவ்வொரு துண்டையும் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே விதமாக, மெதுவாக உருட்டி ஒற்ற வேண்டும். ஓர் அடர்வுக்கு மூன்று துண்டு வைத்துச் சராசரி எடுத்தால் தற்செயல் பிழை குறையும். ஒற்றாத பிழையை எந்தச் சராசரியும் தீர்க்காது.

இனி 0.29 என்ற எண் எதைச் சொல்கிறது? 'கிழங்குச் செல்லின் சாறு 0.29 மோலார்' என்று பல விடைத்தாள்களில் எழுதப்படுகிறது. அது சரியல்ல. செல்லுக்குள் கரைந்த பொருள்கள் நீரை உள்ளே இழுக்கின்றன, விறைத்த செல்சுவர் எதிர்த்து நெருக்குகிறது. இரண்டும் சேர்ந்த நிகர இழுப்பையே இந்த எண் காட்டுகிறது. அதன் பெயர் நீரியல் திறன். அழுத்தக் கணக்கில் சொன்னால் அது ஏழெட்டு வளிமண்டல அளவு, காரின் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். செல்சாறு அதைவிடச் சற்று அடர்ந்தே இருக்கும்.

இன்னொரு வியப்பு, கிழங்கில் குவிந்து கிடக்கும் மாவுச்சத்து இதில் ஏறக்குறைய எந்தப் பங்கும் வகிப்பதில்லை. அது கரையாத மணிகளாக இருக்கிறது. நீரை இழுப்பவை கரைந்திருக்கும் சர்க்கரையும் பொட்டாசியம் போன்ற உப்புகளும்தான். ஒரு கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் சில வாரம் வைத்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. பெட்டிக் கிழங்கை வறுத்தால் கருத்துப் போவது அதனால்தான். அடுத்த முறை இந்தச் சோதனையைச் செய்யும் ஆசிரியர்களும் மாணவர்களும் கடைக் கிழங்கு ஒன்றும் பெட்டிக் கிழங்கு ஒன்றும் எடுத்து, இரண்டின் கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். இரண்டும் வாடாமல் இருந்தால், பெட்டிக் கிழங்கின் கோடு சுழியத்தை இன்னும் வலப்பக்கம் தள்ளியே கடக்க வேண்டும்.